பழைய க்யூஆர் ஸ்கிரீன்ஷாட்டில் பணம் போகாதது ஏன்?

டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் வருடக்கணக்கில் வேலை செய்கிறது, ஆனால் பஸ் டிக்கெட் போடும்போது வரும் க்யூஆர் மட்டும் ஐந்து நிமிடத்தில் செத்துவிடுகிறது. கடை ஸ்டிக்கரில் பெரும்பாலும் கடைக்காரரின் யுபிஐ முகவரியும் பெயரும்தான் இருக்கும், தொகையை நாம்தான் அடிக்கிறோம். டிக்கெட் தளம் காட்டும் க்யூஆருக்குள் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
upi://pay?pa=bus@bank&am=640&tr=T58213
```

`am` என்பது தொகை, `tr` என்பது அந்த ஒரே ஒரு ஆர்டருக்கான எண். நமக்காகப் பிடித்து வைத்த சீட்டை எவ்வளவு நேரம்தான் காலியாக வைத்திருப்பார்கள்? நேரம் முடிந்ததும் அந்த ஆர்டரை மூடிவிட்டு சீட்டை அடுத்தவருக்குத் திறந்துவிடுகிறார்கள்.

போன மாதம் நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊரில் இருக்கும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அவர் சாப்பிட்டுவிட்டு நிதானமாக இருபது நிமிடம் கழித்து ஸ்கேன் செய்தார். படம் தெளிவாகத்தான் இருந்தது, 640 ரூபாய் என்றுகூடக் காட்டியது, பின் நம்பர் போட்டதும் தோல்வி. படத்தில் கோளாறு இல்லை, அந்த `tr` எண்ணுக்குரிய ஆர்டர்தான் அங்கே இல்லை.

ஸ்கேன் செய்ததும் தொகை தானாக வந்து நின்றால், அது அநேகமாக ஒருமுறைக்கான க்யூஆர். வேறொருவர் பணம் கட்டுவதென்றால் முதலில் அவருக்கு போன் போட்டு ஆப்பைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் க்யூஆரை வரவழையுங்கள். கடைசி நொடியில் பணம் கழிந்து டிக்கெட் வரவில்லையா? உடனே இரண்டாவது முறை கட்டாமல் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள், ஆர்டர் மூடியபின் போன பணம் பொதுவாகச் சில நாட்களில் திரும்பிவிடும்.