தீபாவளி முறுக்கைக் கடைக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிபோங் திபால் பக்கம் தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே பலகார வேலை தொடங்கிவிடும். எங்கள் குழுவில் ஐந்து பெண்கள். எல்லாருமே தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்கள். தீபாவளி ஆர்டர் எங்களுக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. தெரிந்தவர்கள் முன்பணம் கொடுப்பார்கள், வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வார்கள், பத்து நாளில் தின்று தீர்த்துவிடுவார்கள். இதையே வருடம் முழுக்கக் கடையில் வைத்து விற்கலாம் என்று இறங்கியபோதுதான், அது வேறொரு தொழில் என்று தெரிந்தது. குழுவின் கணக்கு நோட்டு என் கையில் இருப்பதால் எங்கே சறுக்கினோம் என்பதை வெள்ளி, சென் கணக்கோடு சொல்ல முடியும்.

முதல் சறுக்கல் விலையில். ஒரு ஈடுக்கு எங்கள் அளவு 2 கிலோ அரிசி மாவு, 1 கிலோ பருப்பு மாவு. அரிசி மாவு 8 வெள்ளி, பருப்பு மாவு 9 வெள்ளி. தேங்காய்ப்பால், வெண்ணெய், சீரகம், ஓமம் எல்லாம் சேர்த்து இன்னொரு 9 வெள்ளி. எண்ணெய் 2 கிலோ, பாக்கெட் 2 வெள்ளி 50 சென் என்று 5 வெள்ளி. ஆக 31 வெள்ளி. ஏறக்குறைய 4 கிலோ முறுக்கு கிடைக்கும், 200 கிராம் போத்தலில் அடைத்தால் 20 போத்தல். ஒன்றின் அடக்கம் 1 வெள்ளி 55 சென் என்று எழுதிக்கொண்டோம். ஜார்ஜ்டவுனில் ஒரு கடைக்காரர் 3 வெள்ளி 50 சென்னுக்குக் கேட்டதும் போத்தலுக்கு இரண்டு வெள்ளி கிட்ட லாபம் என்று சந்தோஷமாகக் கொடுத்தோம்.

இந்தக் கணக்கில் நான்கு ஓட்டை இருந்தது. அந்த 2 வெள்ளி 50 சென் பாக்கெட் எண்ணெய் வீட்டுச் சமையலுக்காக அரசாங்கம் மானியம் கொடுத்து விற்பது. அதை வைத்து வியாபாரத்துக்கு விலை போடக்கூடாது. கடையில் ஆளுக்கு இத்தனை பாக்கெட் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அடுப்பே எரியாது. போத்தல் எண்ணெயில் கணக்குப் போட்டால் அதே 2 கிலோவுக்கு 13 வெள்ளி. அப்புறம் கேஸ் 3 வெள்ளி. போத்தலும் அதில் ஒட்டும் லேபலும் 20க்கு 12 வெள்ளி. ஆக ஒரு ஈடு 54 வெள்ளி. இருபது போத்தலும் விற்பனைக்குத் தேறாது என்பது அடுத்த ஓட்டை. உடைந்ததையும் கருகியதையும் எடுத்துவிட்டால் 18 தான் நிற்கும். அப்படியானால் பொருளுக்கு மட்டுமே போத்தலுக்கு 3 வெள்ளி. 3 வெள்ளி 50 சென்னுக்கு விற்றதில் மிஞ்சியது 50 சென். ஒரு ஈடுக்கு 9 வெள்ளி.

நான்காவது ஓட்டைதான் பெரியது. ஒரு ஈடுக்கு இரண்டு பேர் மூன்று மணி நேரம் நிற்கிறார்கள். ஒருவர் பிழிய, ஒருவர் பொரித்து எடுக்க. ஆக ஆறு மணி நேர உழைப்புக்கு 9 வெள்ளி, மணிக்கு ஒன்றரை வெள்ளி. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளிக்குச் சற்று மேல். "நம்ம வீட்டு வேலைதானே, அதுக்கு எதுக்குக் கூலி" என்று முதலில் எல்லாருமே சொன்னோம். கூலியை எழுதாவிட்டால் என்ன ஆகும் என்றால், ஒருத்திக்கு உடம்பு சரியில்லாமல் வெளியாளைக் கூப்பிடும் நாளில் விலை தாங்காது. மணிக்கு 8 வெள்ளி என்று 48 வெள்ளியைச் சேர்த்தோம். ஒரு ஈடு 102 வெள்ளி, போத்தலுக்கு 5 வெள்ளி 70 சென் வருகிறது.

அதிலிருந்துதான் விலை போட வேண்டும். கடைக்கு 6 வெள்ளி, கடைக்காரர் விற்பது 8 வெள்ளி. அவருக்குக் கால் பங்கு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நம் போத்தலை அவர் கண்ணில் படும் இடத்தில் வைக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்கும் 8 வெள்ளிதான். பழக்கதோஷத்தில் 6 வெள்ளிக்குக் கொடுத்தால் கடை வாடிக்கையாளர் காதுக்குப் போய்ச் சேரும், கடைக்காரர் கோபித்துக்கொள்வதில் நியாயம் இருக்கும். 8 வெள்ளிக்கு வாங்க ஆள் இல்லை என்று தெரிந்தால் அளவைக் குறைக்கலாம், ஒரே நேரத்தில் இரண்டு அடுப்பு வைத்து நேரத்தைக் குறைக்கலாம். கூலியை அழித்து விலையைக் குறைக்கக்கூடாது.

அடுத்தது ஐந்து வீட்டு அடுப்பு. வேலையைப் பங்கு போட்டு அவரவர் வீட்டில் பொரித்து, ஒரே லேபல் ஒட்டினோம். குழு என்றால் அப்படித்தான் என்று நினைத்தோம். ஒரு வீட்டு முறுக்கு வெள்ளையாக, ஒன்று சிவப்பாக, ஒன்றில் உப்பு தூக்கலாக இருந்தது. தீபாவளி வாடிக்கையாளர் அதைப் பொருட்படுத்த மாட்டார், அவருக்கு அக்கா கை முறுக்கு என்று தெரியும். கடையில் வாங்குபவருக்கு லேபலைத் தவிர வேறு எதுவும் தெரியாது. போன மாதம் வாங்கிய ருசி இந்த மாதம் இல்லை என்றால் அவர் திரும்பி வர மாட்டார்.

ருசியை விடப் பெரிய பிரச்சினை வாடை. ஒரு முறை ஒன்பது போத்தல் சிக்கு வாடை என்று திரும்பி வந்தது. ஒரே ஈடு, ஒரே வீடு. விசாரித்தால், போன வாரத்து எண்ணெயில் புது எண்ணெயை ஊற்றிப் பொரித்திருக்கிறார். பழைய எண்ணெய் கொஞ்சம் இருந்தாலும் புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். எண்ணெய் கருத்து, பொரிக்கும்போது நுரை அடங்காமல் பொங்கி, வழக்கத்தை விடச் சீக்கிரம் புகைந்தால் அதன் ஆயுள் முடிந்தது, கொட்டிவிட வேண்டியதுதான். தேங்காய்ப்பால் சேர்த்த முறுக்கு சீக்கிரம் சிக்கு அடிக்கும் என்பதையும் அனுபவத்தில் கண்டோம். வாசல் வெயில் படும் தட்டில் வைத்த போத்தல் உள் தட்டில் இருந்ததற்கு முன்னாலேயே கெட்டது. சூடு ஆறும் முன் மூடினால் உள்ளே ஆவி படிந்து நமுத்துவிடும். பினாங்கு ஈரக்காற்றில் நன்றாக ஆறவும் வேண்டும், ஆறியதும் திறந்தே கிடக்கவும் கூடாது. விரலால் தொட்டால் சூடு தெரியாத நிலையில் உடனே அடைக்கிறோம்.

கெடு தேதியை மற்ற கம்பெனி போத்தலைப் பார்த்து எழுதியதும் தவறுதான். இப்போது ஒவ்வொரு புது வகைக்கும் எட்டு போத்தலை ஒதுக்குகிறோம். நான்கு அலமாரியில், நான்கு வெளிச்சம் படும் ஜன்னலோரம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரண்டிலும் ஒவ்வொன்றைத் திறந்து, செய்யாத இரண்டு பேர் முகர்ந்து, தின்று பார்க்கிறார்கள். ஜன்னலோரப் போத்தல் ஆறாம் வாரம் நன்றாக இருந்து எட்டாம் வாரம் கெட்டால், லேபலில் ஐந்து வாரம் என்று போடுகிறோம்.

இப்போது பொரிப்பது ஒரே வீட்டில், பின்கட்டில் தனியாகத் தடுத்த இடத்தில். சுகாதார அமைச்சு உணவுப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் மெஸ்தி சான்றிதழுக்கும் இதுதான் வழி. அது குழுவுக்கோ லேபலுக்கோ கொடுப்பதில்லை, பொருள் தயாராகும் இடத்துக்குக் கொடுப்பது. ஐந்து அடுப்பு என்றால் ஐந்து இடம், ஐந்து தடவை பார்வை. உணவைத் தொடும் எல்லாரும் உணவு கையாளுவோர் பயிற்சிக்குப் போக வேண்டும், டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். இது கடைக்காரர் கேட்ட பிறகு ஓடிச் செய்யும் வேலை இல்லை.

மூன்றாவது சறுக்கல் கடன். உற்சாகத்தில் ஐந்து கடையில் வைத்தோம், கடைக்கு வாரம் 18 போத்தல். விற்றதற்கு மட்டும் மாதக் கடைசியில் பணம், விற்காதது திரும்பும். கன்சைன்மென்ட் என்பார்கள். வாரம் ஐந்து ஈடு, பொருள் செலவு மட்டும் 270 வெள்ளி. முதல் பணம் கைக்கு வரும் முன் நான்கு வாரம், 1,080 வெள்ளி. குழுவின் சேமிப்பில் இருந்தது 900. சரக்கு நன்றாகவே விற்றுக்கொண்டிருந்தபோது மாவு வாங்கக் காசில்லாமல் நின்றோம்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. எங்களில் இரண்டு பேர் அமானா இக்தியார் என்ற சிறுகடன் அமைப்பில் கடன் எடுத்தவர்கள். அது 1986-ல் நம் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வங்காளதேசத்து கிராமின் முறையைப் பார்த்துச் சோதனை செய்த திட்டத்திலிருந்து வந்தது. ஐந்து பேர் குழு, வாராவாரம் கூட்டம், வாராவாரம் தவணை. தினம் காசு பார்க்கும் நாசி லெமாக் வியாபாரத்துக்கு அந்த முறை கச்சிதமாகப் பொருந்தும். மாதக் கடைசியில் பணம் கொடுக்கும் கடையை நம்பி வாரத் தவணைக் கடன் எடுத்தால் மூன்று வாரத் தவணையை வீட்டுச் செலவிலிருந்துதான் கட்ட வேண்டும். அவர்கள் அப்படித்தான் கட்டினார்கள், எங்களிடம் சொல்லாமலே. கடன் எங்கே எடுத்தாலும், தவணை நாளையும் கடை பணம் கொடுக்கும் நாளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நாங்கள் இரண்டு கடையை விட்டோம். மீதி மூன்றுக்கும் தனித்தனி நோட்டு. கொடுத்தது, விற்றது, திரும்பியது, செய்த தேதி. போன வாரம் 11 விற்றிருந்தால் இந்த வாரம் 11 மட்டும் நிரப்புகிறோம், அலமாரி காலியாகத் தெரிகிறது என்று கூட்டிக் கொடுப்பதில்லை. பழையதை முன்னால் நகர்த்தி வைப்பதும் எங்கள் வேலை. ஒரு கடைக்காரரிடம் துணிந்து கேட்டோம், "பாதிக்கு ரொக்கம் கொடுங்க, 5 வெள்ளி 80 சென்னுக்குத் தர்றோம்" என்று. ஒத்துக்கொண்டார். அந்த 20 சென்னை விட்டுக்கொடுத்தது எங்களுக்கு லாபமாகவே பட்டது, அடுத்த வார மாவு அந்த ரொக்கத்தில் வந்துவிட்டது.

கடைசியாக, பெயர். எஸ்எஸ்எம் வியாபாரப் பதிவை ஒருத்தி பெயரில் மட்டும் எடுத்தோம், வேகமாக முடியும் என்று. கடைப் பணம் எல்லாம் அவர் கணக்குக்குப் போனது. அவர் ஒரு சென் எடுக்கவில்லை. ஆனால் சட்டப்படி மற்ற நான்கு பேருக்கும் அந்த வியாபாரத்தில் பங்கே இல்லை, கடன் வந்தால் சுமை முழுக்க அவருக்கு. பங்காளி வியாபாரமாகப் பதிந்தால் 20 பேர் வரை சேரலாம், ஐந்து பேர் பெயரும் இருக்கும். பங்காளி என்றால் கடனுக்கும் எல்லாரும் பொறுப்பு என்பதைச் சேரும் முன்பே பேசிவிட வேண்டும். இப்போது குழுக் கணக்கில் இரண்டு கையெழுத்து. மாதக் கடைசியில் முதலில் அவரவர் மணி நேரத்துக்குக் கூலி, அப்புறம் அடுத்த நான்கு வார மாவுக்கும் எண்ணெய்க்கும் ஒதுக்கு, மிஞ்சினால்தான் ஐந்து பங்கு. போன மாதம் பங்கு ஆளுக்கு 14 வெள்ளிதான் வந்தது. கூலி ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தொகை, அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.