வாட்ஸ்அப் பேக்கப்பை மொபைல் டேட்டாவில் மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், வளைகுடா நாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகள் ஏராளம். பல ஆண்டுகளாக வந்த குரல் பதிவுகளும் பேரப்பிள்ளைகளின் வீடியோக்களும் சேர்ந்து, அந்த வீட்டு அம்மாக்களின் வாட்ஸ்அப் பேக்கப் 10 ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறது. வீட்டில் வைஃபை கிடையாது. இருப்பது நாளுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் மட்டும்தான். புதுப் போன் வாங்கியவர்கள் நான் வைத்திருக்கும் சர்வீஸ் கடைக்கு ஓடிவருவது இந்த இடத்தில்தான். வேறு எண் கொடுத்துவிட்டேன், போனில் இடம் இல்லை என்பவை எல்லாம் திரையே சொல்லிவிடும் தவறுகள், அவற்றை விட்டுவிடுகிறேன். ஆண்ட்ராய்டு போனில், கூகுள் கணக்கில் இருக்கும் பேக்கப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டேட்டாவை மிச்சப்படுத்த "Skip" தட்டுவது

எத்தனை பேருக்குச் சொன்னாலும் தீராத தவறு இது. எண்ணைச் சரிபார்த்ததும், பேக்கப்பின் தேதியையும் அளவையும் காட்டி "Restore" செய்யவா என்று வாட்ஸ்அப் கேட்கும். 11 ஜிபி என்ற எண்ணைப் பார்த்ததும் பயம் வந்துவிடுகிறது. "இப்போதைக்கு வேண்டாம், வைஃபை கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கேள்வி, எண்ணைப் பதிவு செய்யும்போது மட்டுமே வரும். உள்ளே போய்விட்டால் செட்டிங்ஸில் எங்கே தேடினாலும் அப்படி ஒரு பொத்தான் கிடையாது. ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால்தான் மீண்டும் கேட்கும்.

அதோடு போனாலும் பரவாயில்லை. உண்மையான இழப்பு இரவில் நடக்கிறது. அமைப்பை முடிக்கும் அவசரத்தில், பேக்கப் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு "Daily" என்று தட்டியிருப்பார்கள். மொபைல் டேட்டாவிலும் பேக்கப் எடுக்க அனுமதித்திருந்தால், பின்னிரவு 2 மணியை ஒட்டி, கிட்டத்தட்ட காலியாக இருக்கும் புதுப் போன் தன் பேக்கப்பை அனுப்பும். எண்ணும் ஒன்று, கூகுள் கணக்கும் ஒன்று என்பதால் அது பழையதன் மேலேயே எழுதப்படும். முந்தைய பேக்கப்பைத் திரும்பக் கேட்க வழியே இல்லை.

கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு இதுதான் நேர்ந்தது. துபாயில் இருக்கும் மகன் போனில் சொல்லச் சொல்ல, அவரே ஸ்கிப் தட்டியிருக்கிறார். இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். கூகுள் டிரைவ் ஆப்பின் மெனுவில் "Backups" பகுதியைத் திறந்து பார்த்தேன். 11 ஜிபி இருந்த இடத்தில் சில எம்பிதான் இருந்தது. தேதியும் முந்தைய இரவுடையது. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, அது அழிக்கப்பட்டும் விட்டது. இறந்துபோன கணவரின் குரல் ஒரு பதிவிலாவது கிடைக்காதா என்று கேட்டார். என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஏன் என்றால், அந்தப் பயத்துக்கே அடிப்படை இல்லை. பேக்கப் ஒரே மூட்டையாக இறங்குவதில்லை. எழுத்துச் செய்திகள் அடங்கிய தரவுத்தளம் முதலில் வரும். அந்த 11 ஜிபியில் அது சில நூறு எம்பிதான் இருக்கும். அது முடிந்ததும் உள்ளே போய்ப் பேச ஆரம்பித்துவிடலாம். படம், வீடியோ, குரல் பதிவு எல்லாம் அதன் பிறகு பின்னணியில் ஒவ்வொன்றாக இறங்கும். வைஃபை இல்லாவிட்டால் அதற்காகக் காத்திருப்பதாக அறிவிப்பு வரும். மொபைல் டேட்டாவில் தொடரலாமா என்பது உங்கள் விருப்பம். ஆகவே அன்றைய டேட்டாவில் அரை ஜிபிக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, துணிந்து "Restore" தட்டுங்கள்.

ஏற்கெனவே ஸ்கிப் தட்டிவிட்டீர்களா? உடனே வாட்ஸ்அப்பில் Settings, Chats, Chat backup என்று போய், கூகுள் கணக்குப் பேக்கப்பை நிறுத்திவையுங்கள். பிறகு டிரைவில் தேதியையும் அளவையும் பாருங்கள். பழைய அளவே இருந்தால் தப்பித்தீர்கள். ஆப்பை நீக்கி, மறுபடி நிறுவி, இம்முறை மீட்டுக்கொள்ளுங்கள். அளவு சுருங்கியிருந்தால் பழைய போன்தான் கடைசி நம்பிக்கை. அதில் வாட்ஸ்அப்பைத் திறந்து பதிவு செய்யவோ நீக்கவோ வேண்டாம். உள்ளே இருக்கும் இந்த ஃபோல்டரைப் பத்திரப்படுத்துங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp
```

தினமும் போனிலேயே எழுதப்படும் உள்பேக்கப் இதில் Databases என்ற பகுதியிலும், படங்களும் குரல் பதிவுகளும் Media என்ற பகுதியிலும் இருக்கும்.

பாதியில் நின்றால் ஆப்பை நீக்குவது

செய்திகள் வந்துவிட்டன, படங்கள் பாதியில் நிற்கின்றன. "கோளாறு போலிருக்கிறது" என்று ஆப்பை நீக்கி நிறுவினால், முதலிலிருந்து மறுபடி டேட்டா செலவாகும். நிற்பது கோளாறு அல்ல. ஒவ்வொரு படமும் தனிக் கோப்பு. இறங்கி முடிந்தவை போனில் தங்கிவிடும்; நெட் வந்ததும் மிச்சத்திலிருந்து தொடரும். பாதியில் அறுந்த ஒரு வீடியோ வேண்டுமானால் மறுபடி இறங்கலாம், அவ்வளவுதான்.

நாளுக்கு 1.5 ஜிபியில் மற்றப் பயன்பாட்டுக்கு அரை ஜிபி ஒதுக்கினால், 11 ஜிபிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். பெரும்பாலான திட்டங்களில் நள்ளிரவு 12 மணிக்குப் புதுக் கணக்கு தொடங்குவதால், இரவு பத்து மணிக்கு மேல் மிச்சம் இருப்பதைப் பார்த்து, அதை மீட்புக்கு விடச் சொல்வேன். தினசரி அளவு தீர்ந்தபின் கிடைக்கும் 64 கேபிபிஎஸ் வேகத்தை நம்பி விட்டுவைக்காதீர்கள். அதில் ஒரு மணி நேரத்துக்கு 28 எம்பிதான் இறங்கும். ஒரு ஜிபிக்கு ஒன்றரை நாள் ஆகும், பேட்டரியும் காலியாகும்.

ஹாட்ஸ்பாட்டை வைஃபை என்று நினைப்பது

அண்ணன் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால், வாட்ஸ்அப் பெரும்பாலும் அதை வைஃபை என்றே எடுத்துக்கொண்டு, கேட்காமலே முழுவீச்சில் இறக்கத் தொடங்கும். கடலுக்குப் போகும் முன் வானிலை பார்க்கக்கூட அவருக்கு டேட்டா மிஞ்சாது. வேண்டிய அளவு இறங்கியதும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள்.

பேட்டரி சேமிப்பு

போனின் பேட்டரி சேமிப்பு, பின்னணியில் இறங்குவதை நிறுத்திவிடும். மீட்பு முடியும்வரை வாட்ஸ்அப்புக்கு அதை விலக்கிவையுங்கள்.

தானாக இறங்கும் குரூப் வீடியோக்கள்

வாட்ஸ்அப் Settings உள்ளே Storage and data பகுதியில், மொபைல் டேட்டாவில் தானாக இறங்குவதற்கான எல்லாக் குறிகளையும் எடுத்துவிடுங்கள்.

இரண்டு போனும் கையில் இருக்கும்போது டேட்டாவைச் செலவழிப்பது

பழைய போன் வேலை செய்கிறது என்றால் இந்த 11 ஜிபியை இணையத்தில் இழுக்கவே தேவையில்லை. Settings, Chats உள்ளே "Transfer chats" 2023 முதல் இருக்கிறது. இரண்டும் ஆண்ட்ராய்டாக, ஒரே எண்ணாக இருக்க வேண்டும். வைஃபையும் லொகேஷனும் போட்டிருக்க வேண்டும். புதுப் போன் காட்டும் கியூஆர் குறியைப் பழைய போனால் படித்தால், இரண்டும் நேரடியாக இணைந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும். மண்டபத்தில் இருந்து வந்த ஒரு விசைப்படகு ஓட்டுநரின் போனை இப்படித்தான் கடை மேசையிலேயே மாற்றிக்கொடுத்தேன். அவருடைய டேட்டாவைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

கடவுச்சொல் தெரியாமல் பழைய போனைக் கொடுப்பது

பேக்கப்புக்கு முழு மறையாக்கம் போட்டிருந்தால், கடவுச்சொல், பாஸ்கீ, 64 இலக்கச் சாவி ஆகியவற்றில் நீங்கள் வைத்தது இல்லாமல் அதை யாராலும் திறக்க முடியாது. பழைய போனில் வாட்ஸ்அப் இன்னும் உங்கள் எண்ணில் ஓடும்போதே Chat backup பக்கத்தில் பாருங்கள். மறந்திருந்தால் அங்கேயே புதிதாக மாற்றி, எழுதி வைத்துக்கொண்ட பிறகு சிம்மைக் கழற்றுங்கள்.