மாலஸ் விதி ஆய்வறிக்கைக்கு நான்கே வாக்கியத்தில் சுருக்கம் எழுதுவது எப்படி?

லேசர், போலரைசர், சுழலும் அனலைசர், போட்டோடையோடு. சோதனையை முடித்து அட்டவணையும் போட்டாகிவிட்டது, இப்போது அறிக்கையின் தலையில் வரும் சுருக்கம்தான் பாக்கி என்று வைத்துக்கொள்கிறேன். நான் முதலில் எழுதியதில் பாதி மாலஸ் 1809-இல் சொன்ன விதியின் விளக்கம், கடைசி வரி "விதி சரிபார்க்கப்பட்டது". ஒரு எண்கூட இல்லை என்று திரும்பி வந்தது. அது சரியான குறைதான்.

முதல் வாக்கியம் எதைச் சோதித்தீர்கள் என்பது. இரண்டாவது எப்படி அளந்தீர்கள்: கோண எல்லை, இடைவெளி, எத்தனை அளவீடு. இவை இரண்டும் ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது கிடைத்த எண்களும் அவற்றின் பிழையும், அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். போலரைசர், அனலைசர் அச்சுகளுக்கு இடையிலான கோணம் θ என்றால் ஒளியின் செறிவு cos²θ-வாக மாறும் என்பதுதான் விதி, அதனால் மின்னழுத்தத்தை cos²θ-வுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரவேண்டும், எனக்கோ போகும்போது ஒரு பாதை, வரும்போது ஒரு பாதையாக ஒல்லியான வளையம் வந்தது. 50°, 130° இரண்டுக்கும் cos² மதிப்பு ஒன்றுதான் (0.413), ஆனால் மீட்டர் 1.10 V, 0.95 V என்று காட்டியது. டையோடு கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றிப் பார்த்தேன், அதே கதை. காரணம் டையோடில் இல்லை, அனலைசரின் கோண வளையத்தில் இருந்த சுழியம் போலரைசரின் அச்சோடு சேரவில்லை, 1.8° தள்ளியிருந்தது. பார்த்தால் தெரியாத இந்தச் சின்ன விலகல் 45° பக்கத்தில் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் வளைவு அங்கேதான் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. அந்தக் கோண வளையத்தைக் கையால் திருகிச் சரிசெய்யப் போராட வேண்டாம். விலகலை θ0 என்றும் பின்னணி வெளிச்சத்தை B என்றும் சமன்பாட்டிலேயே சேர்த்து, கணினியில் பொருத்திவிடுங்கள்:

```
V = A*abs(cos(θ - θ0))**n + B
```

இதில் அடுக்கான n-ஐ 2 என்று பூட்டாமல் விட்டிருப்பதைக் கவனியுங்கள். 2 என்று நாமே கொடுத்துவிட்டு "நன்றாகப் பொருந்துகிறது" என்று சொல்வதைவிட, அடுக்கு என்ன என்று தரவையே சொல்ல விடுவதுதான் இந்த விதிக்கு நேர்மையான சோதனை. R² = 0.99 என்று எழுதுவதை நான் விட்டுவிட்டேன். உச்சி கொஞ்சம் தட்டையான வளைவுக்கும் R² அழகாகவே வரும், அதனால் அது எதையும் காட்டிக்கொடுக்காது. இந்தப் பொருத்தலுக்கு விரிதாளை விடப் பைத்தான்தான் என் தேர்வு, அதன் SciPy நூலகத்திலுள்ள `curve_fit` ஒவ்வொரு எண்ணின் பிழையையும் கணக்கிடத் தேவையானதைச் சேர்த்தே தருகிறது. கோணத்தை ரேடியனாக மாற்ற மட்டும் மறக்காதீர்கள்.

நான்காவது வாக்கியம் முடிவு. "நிரூபித்தோம்" வேண்டாம். கிடைத்த அடுக்கு பிழைக்குள் 2-உடன் ஒத்துப்போகிறதா, அவ்வளவுதான் கேள்வி. சரி, என் சுருக்கம் இப்படி வந்தது:

"தளவிளைவுற்ற லேசர் ஒளியின் செறிவு, அனலைசரின் கோணத்தைப் பொறுத்து கொசைன் இருமடியாக மாறுகிறதா என்று சோதித்தோம். அனலைசரை 0° முதல் 180° வரை 10° இடைவெளியில் சுழற்றி, பின்னோக்குச் சார்பில் இணைத்த போட்டோடையோடின் சுமை மின்தடையில் 19 மின்னழுத்த அளவீடுகள் எடுத்தோம். பொருத்தலில் அடுக்கு n = 1.98 ± 0.02, கோண விலகல் 1.8° ± 0.2°, பின்னணி 0.03 V என்று கிடைத்தன. அடுக்கு அளவீட்டுப் பிழைக்குள் 2-உடன் ஒத்துப்போவதால் முடிவு மாலஸ் விதிக்கு இசைவாக உள்ளது."

விதியின் வரலாறும் கருவிகளின் மாடல் எண்ணும் இதில் இல்லை. அவை உள்ளே வரட்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் தனக்கு n = 1.6 வருகிறது, இதையும் "ஒத்துப்போகிறது" என்று எழுதலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. அவருடைய வளைவின் உச்சி மழுங்கியிருந்தது, அதிகபட்ச அளவீடு 0.45 V பக்கத்தில் போய் நின்றுவிட்டது. பேட்டரி இல்லாமல், 1 MΩ மின்தடையை நேராக டையோடின் குறுக்கே போட்டிருந்தார். அப்படிப் போட்டால் சிலிக்கன் டையோடு கிட்டத்தட்ட அரை வோல்ட்டிலேயே நிறைவடைந்துவிடும், அதற்கு மேல் வெளிச்சம் கூடினாலும் மீட்டர் பெரிதாக ஏறாது. என்னுடையதில் 9 V பேட்டரியும் 10 kΩ-வும் இருந்ததால் 2.4 V வரை நேராகவே ஏறியது. சுற்றை மாற்ற முடிந்தால் மாற்றி மறுபடி அளப்பது நல்லது. நேரமில்லை என்றால் 1.6 என்பதையே பிழையோடு எழுதி, டையோடு நிறைவடைந்ததால் விதியைச் சோதிக்க இந்தத் தரவு போதவில்லை என்று அந்த நான்காவது வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.