பாபிலோன் சிறையிருப்பைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதாகம வரலாற்று வகுப்புக்கு வருகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. ஒவ்வொரு ஆண்டும் பாபிலோன் பாடம் வரும்போது சிவப்பு மை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அசீரியர்கள் சமாரியாவைப் பிடித்ததையும் பாபிலோனியர்கள் எருசலேமைப் பிடித்ததையும் போட்டுக் குழப்புகிறவர்களை நான் கண்டுகொள்வதில்லை. அது தானாகவே தெளிந்துவிடும். தெளியாமல் நிற்பவை வேறு சில. அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு காலத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

'சிறை' என்ற சொல்லை நம்புவது

நம் பழைய மொழிபெயர்ப்பு தந்த 'சிறையிருப்பு' என்ற சொல் கேட்டவுடன் கம்பியையும் விலங்கையும் நினைக்க வைக்கிறது. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட யூதர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எரேமியா அவர்களுக்குக் கடிதம் எழுதியது அதனால்தான். நிப்பூர் வட்டாரத்தில் 'யூதாவூர்' என்று பொருள்படும் பெயரில் ஒரு கிராமமே இருந்தது. அதைக் குறிப்பிடும் களிமண் பலகைகளில் மிகப் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது, அதாவது ஆலயம் எரிந்து பதினைந்து ஆண்டுகளுக்குள். அகிகாம் என்ற யூதர் நிலத்துக்கு வாற்கோதுமையும் பேரீச்சம்பழமும் குத்தகை அளந்த கணக்கு அந்தப் பலகைகளில் இருக்கிறது. அரசின் நிலம், அதற்கு ஈடாக வரியும் ஊழியமும். சுதந்திரம் என்று சொல்ல முடியாது. சிறை என்றும் சொல்ல முடியாது.

தானியேல் புத்தகத்தை நாட்குறிப்பாகப் படிப்பது

வேண்டாம்.

ஜெப ஆலயம் பாபிலோனில் பிறந்தது என்று எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். காரணம், இதை அச்சில் ஏற்றியவன் நான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடக் கையேட்டுக்காக, "ஆலயத்தை இழந்த யூதர்கள் பாபிலோனில் ஜெப ஆலயங்களைக் கட்டினார்கள்" என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு படமும் வரைந்து கொடுத்தேன்: வரிசையாகப் பெஞ்சுகள், நடுவில் சுருள் வைக்கும் பெட்டி. கையேடு அச்சாகி வந்த வாரமே ஒரு வயதான வாசகர் அஞ்சலட்டை அனுப்பினார். ஒரே கேள்விதான்: "எந்த ஊரில் கட்டினார்கள், ஐயா?" இரண்டு மாதம் தேடியும் என்னிடம் பதில் இல்லை. கடைசியில் முந்நூறு பிரதிகளிலும் திருத்தச் சீட்டு ஒட்டினோம். பசை வாங்கிய காசும் என்னுடையதுதான்.

பதில் இல்லாததற்குக் காரணம், அப்படி ஒரு கட்டடம் அங்கே கிடைக்கவே இல்லை. யூதர்களின் ஜெப வீட்டைக் குறிப்பிடும் மிகப் பழைய கல்வெட்டுகள் எகிப்தில் கிடைத்தவை; அவை கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இடையில் முந்நூறு ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன.

உடனே மாணவர்கள் எசேக்கியேலை எடுத்து நீட்டுவார்கள். எட்டாம் அதிகாரத்தில் யூதாவின் மூப்பர்கள் தீர்க்கதரிசியின் வீட்டில் அவருக்கு முன்பாக உட்கார்ந்திருக்கிறார்களே, இது கூட்டம்தானே என்பார்கள். கூட்டம்தான். ஆனால் அந்த வசனத்தின் தொடக்கத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள்: ஆறாம் வருஷம், ஆறாம் மாதம். யூதாவின் ராஜா யோயாக்கீன் கொண்டுபோகப்பட்ட கி.மு. 597-லிருந்து எண்ணினால் அது கி.மு. 592 ஆகிறது. எருசலேம் ஆலயம் அப்போது இடியாமல் நின்றுகொண்டிருக்கிறது. அந்தத் தரிசனத்தில் எசேக்கியேல் போய்ப் பார்ப்பதே அந்த ஆலயத்துக்குள் நடக்கும் அருவருப்புகளைத்தான். மூப்பர்கள் மறுபடி வந்து உட்காரும் இருபதாம் அதிகாரம் அதற்கடுத்த ஆண்டு. ஆலயம் போனதால் பிறந்த ஏற்பாட்டுக்கு, ஆலயம் இருந்த காலத்துக் கூட்டம் எப்படிச் சாட்சியாகும்?

அடுத்த சாட்சி எசேக்கியேல் 11:16. போன தேசங்களில் தாமே அவர்களுக்குப் பரிசுத்த ஸ்தலமாக இருப்பதாகக் கர்த்தர் சொல்லும் வசனம். இதில் பரிசுத்த ஸ்தலத்தோடு சேர்ந்து வரும் எபிரெயச் சொல் 'சிறிய' என்றும் பொருள் தரும், 'கொஞ்சக் காலம்' என்றும் பொருள் தரும். இதை ஜெப ஆலயங்கள் என்று விளக்கியது யூத ரபீக்களின் நூலான தல்மூத். அது பல நூற்றாண்டுகள் பிந்தியது. வசனம் இருக்கும் இடத்தில், அது எருசலேமில் தங்கிவிட்டவர்களுக்குப் பதில். "அவர்கள் கர்த்தரை விட்டுத் தூரம் போய்விட்டார்கள், தேசம் எங்களுக்கே" என்பது அவர்கள் பேச்சு. கட்டடத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இந்தத் தவறால் வரும் உண்மையான நஷ்டம், கட்டடத்தைத் தேடும் கண்ணுக்கு நடந்த மாற்றம் தெரியாமல் போவது. அந்த இருபதாம் அதிகாரத்தையே தொடர்ந்து படியுங்கள். விசாரிக்க வந்த மூப்பர்களுக்குக் கிடைப்பது ஓய்வுநாளைப் பற்றிய கண்டிப்பு. கர்த்தருக்கும் அவர்களுக்கும் நடுவே அது 'அடையாளம்' என்று திரும்பத் திரும்ப வருகிறது. இடம் கைவிட்டுப் போனவர்களுக்கு நாள் மிஞ்சியது. ஆலயம் எரிந்த ஐந்தாம் மாதமே பிறகு உபவாச மாதமாயிற்று. கி.மு. 518-ல், ஆலயம் மீண்டும் எழும்பிக்கொண்டிருந்தபோது, இன்னும் அழ வேண்டுமா என்று சிலர் எருசலேமுக்கு ஆள் அனுப்பிக் கேட்டதை சகரியா ஏழாம் அதிகாரத்தில் பார்க்கலாம். அத்தனை ஆண்டுகளாக அது விடாமல் நடந்திருக்கிறது.

பாபிலோனில் ஆலயம் கட்டாமல் இருந்ததும் தானாக நேர்ந்ததல்ல. எகிப்தின் எலிபாண்டைன் தீவிலிருந்த யூதப் படைவீரர்கள், பாரசீகர்கள் கி.மு. 525-ல் அங்கே வருவதற்கு முன்பே, பலியிடும் ஆலயம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். பாபிலோனில் அப்படியொன்று இருந்ததாகத் தெளிவான சாட்சி இல்லை. எஸ்றா எட்டாம் அதிகாரத்தில் லேவியர்கள் கிடைக்கும் 'கசிப்பியா என்னும் ஸ்தலம்' மட்டும் என்னை உறுத்துகிறது. 'ஸ்தலம்' என்ற சொல் வழிபாட்டிடத்தையும் குறிக்கும். அதற்குமேல் அதைப் பிடித்து இழுக்காதீர்கள்.

வேதம் முழுவதும் அங்கேதான் எழுதப்பட்டது என்பது

எருசலேமுக்கு அருகே கெத்தேப் இன்னோம் கல்லறையில் 1979-ல் கிடைத்த இரண்டு சிறிய வெள்ளித் தகடுகள், நாடுகடத்தலுக்குச் சற்று முந்தையவை என்று பெரும்பாலோர் கருதுபவை. எண்ணாகமத்தில் ஆசாரியர்கள் சொல்லும் ஆசீர்வாதம் ஏறக்குறைய அதே சொற்களில் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கையில் கொண்டுபோக ஏதோ இருந்தது. அங்கே நடந்தது சேர்ப்பதும் முடிப்பதும். இராஜாக்கள் புத்தகம் கடைசியாகச் சொல்லும் நிகழ்ச்சி கி.மு. 561 வாக்கில் யோயாக்கீன் விடுதலையானது. யூதர்களைத் திரும்பிப் போக விட்ட பாரசீக ராஜா கோரேசைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. புத்தகம் ஏறக்குறைய எப்போது மூடப்பட்டது என்பதை அதுவே காட்டுகிறது.

விருத்தசேதனம் எப்போதும் தனி அடையாளம் என்பது

கானானில் இல்லை. எகிப்தியர், ஏதோமியர், மோவாபியர் எல்லாருக்கும் அந்த வழக்கம் இருந்ததை எரேமியா 9 சொல்கிறது. அவ்வழக்கம் இல்லாத பாபிலோனியர் நடுவே போன பிறகுதான் அது ஆளை வேறுபடுத்திக் காட்டியது.

பெயரை வைத்து ஆளை எடைபோடுவது

செருபாபேல் என்றால் 'பாபிலோனின் வித்து'. திரும்பி வந்தவர்களுக்குத் தலைவன் அவன்தான்.

எஸ்றா இரண்டாம் அதிகாரத்தைத் தாண்டிப் போவது

பெயர்ப் பட்டியல் சலிப்பூட்டும் என்று எல்லோரும் புரட்டிவிடுகிறார்கள். யார் நம்மவர் என்பதை ஊரும் நிலமும் சொன்ன காலம் போய், எழுதிவைத்த வம்ச அட்டவணை சொல்லத் தொடங்கியது அங்கேதான் தெரிகிறது. தெல்மெலா முதலிய பாபிலோனிய ஊர்களிலிருந்து வந்த 652 பேரால் தாங்கள் இஸ்ரவேலர் என்று காட்ட முடியவில்லை. கோசின் வம்சத்தார் உட்பட மூன்று ஆசாரியக் குடும்பங்கள் தங்கள் அட்டவணையைத் தேடிக் காணாமல், ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டன. நெகேமியா மூன்றாம் அதிகாரத்தில், ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, உரியாவின் மகன் மெரெமோத் எருசலேம் மதிலைப் பழுதுபார்க்கிறான். அவனுடைய தாத்தா பெயராக அங்கே எழுதியிருப்பது கோஸ்.