பல் முளைக்குதா, தடிமனா? வாயைப் பார்க்க முதல் மூக்கைப் பாருங்கள்

ஐந்து மாதத்துக்கும் பத்து மாதத்துக்கும் இடைப்பட்ட எந்தப் பிள்ளையின் வாயைத் திறந்தாலும் முரசில் ஏதாவது ஒரு மாற்றம் தெரியும். கீழ் முன்முரசு சற்றுத் தடித்திருக்கும், அல்லது சிவந்திருக்கும். அதைப் பார்த்த உடனே "இது பல்லுக்குத்தான்" என்று முடிவெடுத்துவிட்டு, மூக்கையும் மூச்சையும் பார்க்காமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கிற பிழை. ஆகவே இங்கே வாயைக் கடைசியாகப் பார்க்கிறோம்.

வீணீரும் அனுங்கலும் எதையும் தீர்மானிக்காது. மூன்று மாதமளவில் உமிழ்நீர் கூடுதலாகச் சுரக்கத் தொடங்கும். அதை முழுவதும் விழுங்கப் பிள்ளைக்குத் தெரியாது, உள்ளே தடுத்து வைக்க முன்பல்லும் இல்லாததால் வடிகிறது. முதற் பல் வர இன்னும் மூன்று மாதம் இருக்கலாம். அனுங்கலோ பசிக்கும் வரும், நித்திரைக்கும் வரும். பல்லும் தடிமனும் ஒன்றாக வருவதற்கும் காரணம் உண்டு. கருவில் தாயிடமிருந்து கிடைத்த நோயெதிர்ப்பு ஆறாம் மாதமளவில் நன்றாகக் குறைந்துவிடும். அதே காலத்தில்தான் பிள்ளை கையில் அகப்பட்டதெல்லாம் வாயில் வைக்கும், அதே காலத்தில்தான் முதற் பல்லும் வரும்.

படி 1: மூக்கு

அழுதுகொண்டிருக்கும்போது பார்க்காதீர்கள். கண்ணீர் மூக்கு வழியாகவும் வடியும் என்பதால் அழுகிற எந்தப் பிள்ளைக்கும் மூக்கு ஒழுகும். அழுகை நின்ற பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, அரை மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். உலர்ந்திருந்தால் அது கண்ணீர். திரும்பவும் ஒழுகினால் தடிமன் என்றே எடுங்கள், பல் முளைப்பது மூக்கை ஒழுகவைக்காது. முதலில் தண்ணீராக வருகிற சளி இரண்டு மூன்று நாளில் தடித்து மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். தடிமனின் போக்கே அதுதான். நிறம் மாறியதற்காக மட்டும் அன்டிபயோட்டிக் தேவையில்லை.

அடுத்து, பால் குடிக்கும்போது கவனியுங்கள். மூக்கடைத்த பிள்ளை ஆசையாகப் பிடித்து நாலைந்து வாய் உறிஞ்சிவிட்டு, மூச்செடுக்க வாயை விடும். பிறகு கோபத்தோடு அழும். முரசு நோகிற பிள்ளை உறிஞ்சத் தொடங்கியதுமே முலைக்காம்பைக் கடிக்கும், முகத்தைத் திருப்பும், ஆனால் மூக்கால் சாதாரணமாக மூச்சு விடும். ஐயமிருந்தால் குடிக்க வைக்கச் சற்று முன் ஒவ்வொரு மூக்கிலும் பாமசியில் வாங்கிய 0.9 வீத உப்புநீர்த் துளி ஒன்றிரண்டு விடுங்கள். அதன் பிறகு நன்றாகக் குடித்தால் தடையாக இருந்தது மூக்கு.

படி 2: வெப்பமானி

புறங்கையை நெற்றியில் வைத்துக் காய்ச்சல் சொல்வது திருகோணமலையில் சரிவராது. மத்தியான வெயிலில், தொப்பியும் போர்வையுமாக இருக்கிற எந்தப் பிள்ளையும் சுடும். உடுப்பைக் குறைத்து, நிழலில் கால் மணித்தியாலம் வைத்திருந்துவிட்டு அளவுங்கள். அக்குள் வியர்வையைத் துடைத்து, டிஜிட்டல் வெப்பமானியின் நுனி தோலில் நேரே படும்படி வைத்து, சத்தம் கேட்கும்வரை கையை உடம்போடு அணைத்துப் பிடியுங்கள். பரசிற்றமோல் கொடுக்க முதல் அளப்பது முக்கியம். கொடுத்த பிறகு வருகிற எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பல் முளைக்கையில் உடல்வெப்பம் சில தசமங்கள்தான் ஏறும். அக்குளில் 37.5 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் பல்லாக இருக்கலாம். 37.5க்கும் 38க்கும் இடையில் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் மறுபடி அளவுங்கள். 38ஐத் தொட்டால் அதைப் பல்லின் தலையில் போடாதீர்கள். "பல்லுக்கு வயிற்றாலை போகுது" என்பதும் இப்படித்தான், வயிற்றோட்டத்துக்கு வேறு காரணம் இருக்கும்.

தடுப்பூசி அட்டையையும் ஒருதரம் பாருங்கள். ஆறாம் மாத ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். ஒன்பதாம் மாத எம்.எம்.ஆர். ஊசிக்கு ஒரு கிழமை கழித்துக்கூட வரும்.

படி 3: முரசு

சவர்க்காரம் போட்டுக் கழுவிய சுண்டுவிரலின் சதைப்பக்கத்தால் கீழ் முன்முரசை மெதுவாகத் தடவுங்கள். பல் மேலே வந்திருந்தால் ஒரு இடம் மட்டும் கடினமாக, விளிம்புபோலத் தட்டுப்படும், மேலே வெண்மை தெரியும். சில வேளை நீலநிறக் கொப்புளம் ஒன்று இருக்கும். அதைக் குத்த வேண்டாம், பல் வரும்போது தானே உடையும். முரசு முழுவதும் ஒரேயளவு மென்மையாக இருந்தால் இன்றைய அனுங்கலுக்குப் பல் காரணமல்ல. பல்லின் தொல்லை அது வெளிவருவதற்கு முன் நாலு நாளும், வந்த பின் மூன்று நாளுமாக, மொத்தம் ஒரு கிழமையளவில் முடிந்துவிடும். இரண்டு மாதமாக "பல்லுக்கு அனுங்குது" என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

ஒரு உதாரணம்

ஏழு மாதம், 8 கிலோ. வெள்ளி இரவு வீணீர் கூட, நித்திரையில்லை, அக்குளில் 37.3. கீழ்முரசில் கடினமான விளிம்பு இருக்கிறது. அம்மம்மா பல்லுக்கொழுக்கட்டைக்கு நாள் பார்க்கிறார். சனி காலை அழாத நேரத்திலும் மூக்கு ஒழுகுகிறது, பாலை விட்டுவிட்டுக் குடிக்கிறது. பின்னேரம் 38.2. இங்கே இரண்டுமே நடக்கிறது. முரசில் இருப்பது பல், காய்ச்சலும் சளியும் தடிமன். பராமரிக்க வேண்டியது தடிமனை: உப்புநீர்த் துளி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் பால்.

பிள்ளை வேதனைப்பட்டால் பரசிற்றமோல் கொடுக்கலாம், வயதைப் பார்த்தல்ல, நிறையைப் பார்த்து. கிலோவுக்கு 15 மில்லிகிராம்படி 8 கிலோவுக்கு 120 மில்லிகிராம். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்றிருந்தால் 5 மில்லிலீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். சிரப்பும் துளிமருந்தும் ஒரே செறிவல்ல. துளிமருந்தைச் சிரப்பின் அளவில் ஊற்றினால் மருந்து பல மடங்கு கூடிவிடும், அதனால் எண்ணை வாசிக்காமல் ஊற்றாதீர்கள். ஐபுபுரோபன் கொடுக்கவே வேண்டாம். மாரிமழையோடு இங்கே டெங்கும் வரும், டெங்கில் அது இரத்தக்கசிவைக் கூட்டும். மூக்கொழுகாமல் கடும் காய்ச்சல் மட்டும் என்றால் டெங்கையும் நினைத்து அன்றே காட்டுங்கள்.

மரக்கச்செய்யும் முரசு ஜெல், கற்பூரம் கலந்த எண்ணெய், தேன் மூன்றையும் தள்ளி வையுங்கள். ஜெல்லில் உள்ள பென்சோகெயின் இரத்தம் ஒட்சிசனைக் காவுவதைக் கெடுக்கலாம். கற்பூரம் கைக்குழந்தைக்கு நஞ்சு. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் வரலாம். முரசுக்கு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த ஈரமான சுத்தத் துணி போதும், உறையவைக்கத் தேவையில்லை.

எப்போது வைத்தியசாலை

மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 வந்தால் உடனே. மூன்று முதல் ஆறு மாதம் என்றால் 39இல். எந்த வயதிலும் மூச்சை எண்ணுங்கள்: பிள்ளை அமைதியாக இருக்கையில் வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் பாருங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது பிழைக்கும், ஏனென்றால் குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இராது. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே சதை உள்ளிழுபட்டாலும், வழமையில் பாதியளவு பாலும் குடிக்காவிட்டாலும், எழுப்பக் கடினமாக இருந்தாலும் காத்திராதீர்கள். உதடு நீலமானால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். போகும்போது பிள்ளையின் கிளினிக் கொப்பியையும், அளந்த வெப்பத்தையும் நேரத்தையும், கடைசியாகப் பரசிற்றமோல் கொடுத்த அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.