போர் தண்ணீருக்குச் சுண்ணாம்பும் சோடா ஆஷும்: அளவைக் கணக்குப் போடுவது எப்படி?

வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் போட்டவர்களுக்குக் கடினத் தண்ணீரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, ஹீட்டர் கம்பியில் கல் ஏறும், வெள்ளை வேட்டி நாலு சலவையில் மங்கிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் இந்தக் கடினத்தன்மை. சுண்ணாம்பும், சோடியம் கார்பனேட் எனும் சோடா ஆஷும் போட்டு அவற்றைப் படியவைத்து எடுத்துவிடலாம். வள்ளியூர்ப் பக்கம் ஒரு சலவைக் கடை, அதில் 1000 லிட்டர் டேங்க் என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போடுவோம். இது துணி துவைக்கும் தண்ணீருக்கு மட்டும். குடிக்க வேண்டாம்.

"கடினத்தன்மை 520, எவ்வளவு சுண்ணாம்பு போடணும்?" என்று பலரும் கேட்பார்கள். அந்த ஒரு எண்ணை வைத்துப் பதில் சொல்ல முடியாது. மொத்தக் கடினத்தன்மை, அதில் கால்சியத்தின் பங்கு, காரத்தன்மை, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு ஆகிய நான்கும் வேண்டும்.

முதலில் அளவெடுங்கள்

ஆய்வகத்தில் கொடுத்தால் நான்கையும் எழுதித் தருவார்கள். கல்லூரி ஆய்வகம் கைக்கெட்டினால் முதல் மூன்றை நீங்களே பார்க்கலாம். 50 மி.லி. தண்ணீரில் பஃபர் கரைசலும் எரியோக்ரோம் பிளாக் டி-யும் சேர்த்து, 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ.-வைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒயின் சிவப்பு மறைந்து தெளிந்த நீலம் வரும் இடத்தில் நிறுத்துங்கள். செலவான மி.லி.-யை 20-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மி.கி. என்று கடினத்தன்மை கிடைக்கும். கால்சியத்துக்கும் இதே கரைசல்தான். ஆனால் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, மியூரெக்சைடு நிறங்காட்டி போட வேண்டும். காரத்தன்மைக்கு 0.02 நார்மல் கந்தக அமிலமும் மெத்தில் ஆரஞ்சும். அதற்கும் 20-ஆல்தான் பெருக்கல்.

நம் போர் தண்ணீருக்கு 26 மி.லி., 16 மி.லி., 15 மி.லி. செலவாயிற்று என்று கொள்வோம். அப்படியானால் மொத்தக் கடினத்தன்மை 520, கால்சியம் 320, காரத்தன்மை 300. மீதி 200 மெக்னீசியம். எல்லாமே கால்சியம் கார்பனேட்டாகச் சொல்லப்படும் மி.கி. கணக்கு. கார்பன் டை ஆக்சைடு 22 மி.கி. என்று ஆய்வகம் சொன்னால், அதை 2.27-ஆல் பெருக்கி 50 என்று இந்தக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும்.

எது எங்கே செலவாகிறது

சுண்ணாம்பு முதலில் கார்பன் டை ஆக்சைடைத் தின்னும். அடுத்து, காரத்தன்மையாக நாம் அளந்த பைகார்பனேட்டைக் கார்பனேட்டாக மாற்றும். கால்சியம் அதோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகக் கீழே இறங்கும். மெக்னீசியம் அவ்வளவு லேசில் இறங்காது. மெக்னீசியம் கார்பனேட் ஓரளவு தண்ணீரில் கரையக்கூடியது. அதை ஹைட்ராக்சைடாக மாற்றினால்தான் படியும், அதற்கு இன்னொரு பங்கு சுண்ணாம்பு வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பைகார்பனேட் போதாமல் மிஞ்சும் கால்சியத்துக்குக் கார்பனேட் கொடுத்து இறக்குவது சோடா ஆஷ். அதனால்:

சுண்ணாம்பு = கார்பன் டை ஆக்சைடு + காரத்தன்மை + மெக்னீசியம் + உபரி

சோடா ஆஷ் = மொத்தக் கடினத்தன்மை − காரத்தன்மை

உபரி எதற்கு என்றால், மெக்னீசியம் முழுசாக இறங்க பி.ஹெச். 11-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 50 வைத்துக்கொள்ளலாம். காரத்தன்மை கடினத்தன்மையைவிட அதிகமாக இருந்தால் சோடா ஆஷ் வேண்டவே வேண்டாம்.

நம் கணக்கில் சுண்ணாம்பு 50 + 300 + 200 + 50 = 600. நீற்றிய சுண்ணாம்பாக மாற்ற 0.74-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 444 மி.கி., அதாவது டேங்குக்கு 444 கிராம். மூட்டையில் தூய்மை 85 சதவீதம் என்று போட்டிருந்தால் 0.85-ஆல் வகுத்து 522 கிராம். சோடா ஆஷ் 520 − 300 = 220; அதை 1.06-ஆல் பெருக்கினால் டேங்குக்கு 233 கிராம்.

இப்போது இன்னொரு கிணறு. கடினத்தன்மை அதே 520, ஆனால் மெக்னீசியம் 70, காரத்தன்மை 180. கார்பன் டை ஆக்சைடும் உபரியும் முன்போலவே. சுண்ணாம்பு 350-க்கு இறங்கிவிடும், சோடா ஆஷ் 340-க்கு ஏறிவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் போடும் அளவைக் கேட்டு அப்படியே போடக் கூடாது என்பது இதனால்தான்.

பொருளைப் பார்த்து வாங்குங்கள்

காற்றுப்பட்டு நாளான சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாகவே மாறிவிடும். அதைப் போட்டுப் பயனில்லை. ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் பழசு, கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். பசை கலந்த வெள்ளையடிக்கும் பொடியும் ஆகாது. சோடா ஆஷ் என்பது உலர்ந்த தூள். கண்ணாடிக் கல் போல இருக்கும் சலவை சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதுதான் கிடைக்கிறது என்றால் எடையை 2.7 மடங்காக்குங்கள். ஆப்பச் சோடா இதற்கு உதவாது.

போடும் விதம்

டேங்கில் கை வைக்கும் முன் 10 லிட்டர் வாளியில் நூறில் ஒரு பங்கு போட்டுப் பாருங்கள்: சுண்ணாம்பு 5.2 கிராம், சோடா 2.3 கிராம். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு போதும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து, அதனால் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பை முதலில் வேறு தண்ணீரில் பால் போலக் கரைத்து ஊற்றி, இரண்டு நிமிடம் வேகமாகக் கலக்குங்கள். அப்புறம் இருபது நிமிடம் மெதுவாக. பிறகு வெந்நீரில் கரைத்த சோடாவை ஊற்றி, இன்னும் கொஞ்ச நேரம் மெதுவாகக் கலக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். முதலில் பால் மாதிரி இருக்கும் தண்ணீரில் பிறகு பஞ்சுப் பிசிறுகள் திரள்வது தெரியும். ராத்திரி முழுக்க நின்றால் தெளிந்துவிடும். தெளிந்ததை அடியிலிருந்து ஒரு சாண் மேலே வைத்த குழாய் வழியாக எடுத்து, துணியில் வடிகட்டுங்கள்.

சரியாக வந்ததா?

தெளிந்த தண்ணீரில் காரத்தன்மையை இரண்டு முறை பாருங்கள். ஃபினால்ஃப்தலீனின் இளஞ்சிவப்பு மறையும் வரை வருவது P, மெத்தில் ஆரஞ்சு வரை வருவது M. 2P − M என்பது ஹைட்ராக்சைடு. நம் கணக்குப்படி அது 50-ஐ ஒட்டி வர வேண்டும். P 70, M 90 என்று வந்தால் சரி. சைபருக்குக் கீழே போனால் சுண்ணாம்பு போதவில்லை, மெக்னீசியம் இறங்கியிருக்காது. 100-ஐத் தாண்டினால் சுண்ணாம்பு கூடிப்போயிற்று. அந்த உபரிச் சுண்ணாம்பே புதுக் கடினத்தன்மையாக நிற்கும். ஹைட்ராக்சைடு சரியாக இருந்தும், மிஞ்சிய கடினத்தன்மை M-ஐவிடத் தெளிவாக அதிகம் என்றால் சோடா குறைவு.

520 என்பது 100-ஐ ஒட்டி இறங்கும். பூஜ்ஜியத்துக்கு வராது, ஏனென்றால் கால்சியம் கார்பனேட்டே கொஞ்சம் கரையும். இந்தத் தண்ணீர் காரமானது. பருத்திக்குப் பரவாயில்லை, பட்டுக்கும் கம்பளிக்கும் அலுமினியப் பாத்திரத்துக்கும் ஆகாது. கடலோரக் கிணற்றின் உப்புக் கரிப்பும் இதில் போகாது. சோடா போட்ட அளவுக்குச் சோடியம் கூடத்தான் செய்யும்.

அடியில் தங்கும் வண்டலைக் காயவைத்து நிறுத்தால், டேங்குக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். போட்டது முக்கால் கிலோதானே என்று திகைக்க வேண்டாம். மீதி தண்ணீரிலிருந்து வந்தது. அதைச் சாக்கடையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இரண்டு கை வண்டலை மட்டும் எடுத்து வைத்து, அடுத்த டேங்கில் சுண்ணாம்போடு சேர்த்துக் கலக்குங்கள். புதுப் படிகங்கள் அதைப் பற்றிக்கொண்டு வளர்வதால் சீக்கிரம் தெளியும்.