மறுபயனைத் தேடி மதிப்பெண்ணை இழக்காதீர்கள்: தென்னாப்பிரிக்க ஒப்பந்தச் சட்டக் கேள்விகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் பி.காம். படிக்கும் நம் பிள்ளைகளின் வணிகச் சட்ட விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரே தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கேள்வியில் ஓர் ஒப்பந்தம் செல்லுமா என்று கேட்டிருப்பார்கள். மாணவர் முன்மொழிவு இருக்கிறதா, ஏற்பு இருக்கிறதா, மறுபயன் இருக்கிறதா, தகுதி இருக்கிறதா என்று நான்கு தலைப்புகளை வரிசையாகப் போட்டு எழுதிக்கொண்டே போவார். மூன்றாவது தலைப்பில்தான் விடை கவிழ்கிறது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் ஓர் ஒப்பந்தம் செல்வதற்கு மறுபயன், அதாவது ஒரு வாக்குக்குப் பதிலாகக் கைமாறும் கன்சிடரேஷன், தேவையே இல்லை.

இந்த நான்கு தலைப்புப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். ஊரிலிருந்து அக்காவோ மாமாவோ அனுப்பிய குறிப்புகள் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டவை. இணையத்தில் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலேயச் சட்டத்தை ஒட்டியவை. அந்த இரண்டு இடங்களிலும் மறுபயன் அடிப்படையான விஷயம். இங்கே ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் ரோமன்-டச்சுச் சட்டம். அதில் தேடப்படுவது இரு தரப்பின் மனமொத்த உடன்பாடு, தகுதி, சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம், நிறைவேற்றக்கூடிய தன்மை, தெளிவு, அப்புறம் சட்டம் கேட்கும் இடங்களில் மட்டும் எழுத்து வடிவம். முன்மொழிவும் ஏற்பும் அந்த உடன்பாட்டைக் கண்டுபிடிக்கும் வழி, அவ்வளவுதான்.

இது இங்கேயும் ஒரு காலத்தில் சண்டைக்குரிய கேள்வியாகத்தான் இருந்தது. கேப் காலனியின் தலைமை நீதிபதி டி வில்லியர்ஸ், ரோமன்-டச்சுச் சட்டம் சொல்லும் 'காவுசா', அதாவது ஒப்பந்தத்துக்கான காரணம் என்பதும் ஆங்கிலேயரின் மறுபயனும் ஒன்றுதான் என்ற நிலையில் நின்றார். டிரான்ஸ்வால் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடைசியில் 1919-இல் கான்ராடி எதிர் ரோசோவ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்து வைத்தது: தீர யோசித்து, கட்டுப்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்த உடன்பாடு போதும், பதிலுக்கு ஒன்றும் கைமாற வேண்டியதில்லை. இந்த ஒரு வழக்கின் பெயரை எழுதி, அதற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும்.

இது வெறும் பாடப்புத்தக வேறுபாடா, விடையே மாறுமா என்று கேட்கலாம். மாறும். ஒரு கேள்வியை முழுதாகப் பார்ப்போம்.

சாட்ஸ்வொர்த்தில் கோயில் விழாக்களுக்கு வாசித்து ஓய்வு பெற்ற ஒரு அங்கிள், கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டுகிறார்: 'கீபோர்டும் ஸ்பீக்கரும் விற்பனைக்கு, 9,000 ராண்ட்'. 17 வயதுப் பையன் ஒருவன் திங்கட்கிழமை போய், "8,000 தருகிறேன் அங்கிள்" என்கிறான். "8,000-க்கு முடியாது தம்பி. 8,500 என்றால் தருகிறேன். யோசித்துச் சொல். வெள்ளிக்கிழமை ராத்திரி வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்கிறார் அவர். "சரி அங்கிள், அப்படியே வைத்திருங்கள்" என்று பையன் கிளம்பிவிடுகிறான். புதன்கிழமை வேறொருவர் 10,000 ராண்ட் கொடுத்து இரண்டையும் எடுத்துப் போய்விடுகிறார். அங்கிள் பையனுக்கு, "மன்னித்துக்கொள், மனசு மாறிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். வியாழன் இரவு ஒன்பது மணிக்குப் பையன், "8,500-க்கு எடுத்துக்கொள்கிறேன், அப்பாவும் சரி என்றார்" என்று பதில் அனுப்புகிறான். இரண்டு சாம்பல் டிக் விழுகிறது. அங்கிள் அதைத் திறந்து பார்ப்பது சனிக்கிழமைதான்.

முதல் தவறு அந்த 9,000 ராண்ட் தாளிலேயே காத்திருக்கிறது. நிறைய பேர் அதை முன்மொழிவு என்று எழுதிவிடுகிறார்கள். பொதுவாக விளம்பரம் என்பது மற்றவர்களை முன்மொழிய அழைப்பது மட்டுமே. 1909-இல் கிராலி எதிர் ரெக்ஸ் வழக்கில், கடைக்காரர் புகையிலைக்கு மலிவு விலை போட்டு விளம்பரம் செய்திருந்தார். மறுபடி வாங்க வந்தவருக்கு அவர் விற்க மறுத்தது தவறில்லை என்பதே அதன் முடிவு. ஆகவே நம் கதையில் முதல் முன்மொழிவு பையனுடைய 8,000. அதை அங்கிள் மறுத்ததோடு அது முடிந்துபோனது. 8,500 என்பது புதிய முன்மொழிவு. (விற்பவர் தொழில்முறைக் கடைக்காரராக இருந்தால், ஒட்டிய விலையைவிடக் கூடுதலாகக் கேட்க 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விடாது. கேள்வியில் விற்பவர் யார் என்பதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.)

இரண்டாவது இடம்தான் கேள்வியின் இதயம். ஆங்கிலேயச் சட்டப்படி விடை எழுதுபவர் இப்படிப் போவார்: வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பதாகச் சொன்னதற்குப் பையன் ஒரு காசும் கொடுக்கவில்லை, மறுபயன் இல்லை, ஆகவே அந்த வாக்கு கட்டுப்படுத்தாது, புதன்கிழமை திரும்பப் பெற்றது சரி, ஒப்பந்தம் இல்லை. லண்டனில் இதற்கு மதிப்பெண் கிடைக்கும். இங்கே கிடைக்காது. வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பேன் என்று அங்கிள் சொன்னதும் பையன் 'சரி' என்றதும் சேர்ந்து ஒரு தனி ஒப்பந்தம். அதை ஆப்ஷன் ஒப்பந்தம் என்பார்கள். ஆக, கையில் இருப்பவை இரண்டு: விற்பனைக்கான முன்மொழிவு, அதைத் திறந்து வைத்திருப்பதற்கான உடன்பாடு. காசு வாங்காமல் கொடுத்த ஆப்ஷனும் இங்கே கட்டுப்படுத்தும். அங்கிள் பேச்சுக்குச் சொல்லாமல் உண்மையாகவே கட்டுப்படும் எண்ணத்தோடு சொன்னாரா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். நாளும் நேரமும் சொல்லி, வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சேர்த்துச் சொன்னது அந்த எண்ணத்தைக் காட்டுகிறது. எனவே புதன்கிழமைச் செய்தி முன்மொழிவைக் கொல்லவில்லை. அது ஒப்பந்த மீறல்.

பையன் 'சரி' என்று சொல்லாமல் பேசாமல் போயிருந்தால் நிலைமை வேறு. அப்போது ஆப்ஷனுக்கு ஏற்பு இருந்ததா என்பதே சந்தேகம். வெறும் முன்மொழிவாக இருந்தால் ஏற்புக்கு முன் திரும்பப் பெறலாம். கேள்வியில் இப்படி ஒரு சின்ன 'சரி' வந்தால் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், அதைக் காரணமில்லாமல் வைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்து ஏற்பு எப்போது நடந்தது? தபாலில் அனுப்பிய ஏற்பு, அனுப்பிய நேரத்திலேயே முடிந்துவிடும் என்பது 1921-இல் கேப் எக்ஸ்ப்ளோசிவ் வழக்கில் வந்த விதி. அதை வாட்ஸ்அப்புக்கும் போட்டுவிடுகிறார்கள். மின்னணுச் செய்திக்கு 2002-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் சட்டம், அதாவது மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம், வேறு விதி வைத்திருக்கிறது. 22-ஆம் பிரிவின்படி, முன்மொழிந்தவர் ஏற்பைப் பெறும்போது ஒப்பந்தம் உருவாகும். பெறுவது என்றால் படிப்பது அல்ல என்பதை 23-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் பயன்படுத்தும் அமைப்புக்குள் செய்தி முழுதாக வந்து, அவரால் எடுத்துப் பார்க்க முடிகிற நிலையில் இருந்தால் போதும். வியாழன் இரவே டிக் விழுந்துவிட்டது, அங்கிள் சனிக்கிழமை பார்த்தது அவருடைய பிரச்சினை. இரு தரப்பும் வேறு மாதிரிப் பேசி முடிவு செய்திருந்தால் அந்தப் பேச்சுதான் செல்லும்.

தகுதிக்கு வருவோம். 'பையனுக்கு 17 வயது, ஆகவே ஒப்பந்தம் செல்லாது' என்று ஒரே வரியில் முடிப்பதும் இந்தியக் குறிப்புகளின் வேலை. 1903-இல் மோஹோரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில், சிறுவர் செய்யும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது. இங்கே நிலை வேறு. 2007 ஜூலை 1 முதல் 18 வயதில் மேஜர். ஏழு வயதுக்குக் கீழே தகுதியே இல்லை. ஏழிலிருந்து 18 வரை வரையறுக்கப்பட்ட தகுதி உண்டு. பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதித்தால் அந்த ஒப்பந்தம் முழுதாகச் செல்லும். சம்மதம் முன்பே இருக்கலாம், அப்போதே இருக்கலாம், பின்னால் வந்து உறுதி செய்யவும் செய்யலாம்.

நம் கேள்வியில் இதை இரண்டு முறை சோதிக்க வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தங்கள் இரண்டு. திங்கட்கிழமை ஆப்ஷனில் பையனுக்கு உரிமை மட்டும் கிடைக்கிறது, கடமை ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை அவன் தனியாகவே செய்யலாம், அப்பா பக்கத்தில் இல்லாதது பாதிக்காது. வியாழக்கிழமை விற்பனை ஒப்பந்தத்தில் 8,500 ராண்ட் கொடுக்கும் கடமை வருகிறது, அதற்குச் சம்மதம் வேண்டும். 'அப்பாவும் சரி என்றார்' என்ற சொற்கள் அந்த ஓட்டையை அடைத்துவிடுகின்றன. அப்பா ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலும், பையனுடைய வயதைக் காட்டி அங்கிள் தப்பிக்க முடியாது. பையனை மட்டும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் பொருள் வேண்டும் என்றால் அவனும் பணம் கொடுத்தாக வேண்டும். இப்படி ஒரு காலில் நிற்கும் ஒப்பந்தத்தை 'செல்லாது' என்று எழுதுவது முழுத் தவறு.

ஆக, வியாழன் இரவு விற்பனை ஒப்பந்தம் உருவாகிவிட்டது. கீபோர்டு ஏற்கெனவே வேறொருவர் கையில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது, பையனிடம் கொடுத்த வாக்கைப் பற்றி அவருக்குத் தெரியாது என்றால் பொருள் அவருக்கே. பையனுக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை உண்டு. அதன் சந்தை மதிப்பு 10,000 ராண்ட் என்று நிரூபித்தால், வித்தியாசம் 1,500.

மறுபயன் வேண்டாம் என்று கற்றுக்கொண்டவர்கள் சில சமயம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். விலையே பேசாத ஒரு விற்பனையையும் செல்லும் என்று எழுதுகிறார்கள். விற்பனை என்ற வகை ஒப்பந்தத்துக்குப் பொருளும் விலையும் இன்றியமையாதவை. விலை முடிவாகவில்லை என்றால் அது விற்பனை ஆகாது என்று எழுதுங்கள், அங்கே மறுபயன் என்ற சொல்லை இழுக்க வேண்டாம். அதேபோல 'என் மகளுக்கு அடுத்த மாதம் 20,000 ராண்ட் தருகிறேன்' என்ற அன்பளிப்பு வாக்கு, மறுபயன் இல்லாததால் விழுவதில்லை. 1956-ஆம் ஆண்டின் 50-ஆம் எண் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, இனிமேல் கொடுக்கப்போகும் அன்பளிப்புக்குக் கையெழுத்திட்ட எழுத்து வடிவம் கேட்கிறது. வாயால் மட்டும் சொல்லியிருந்தால் அதனால்தான் விழுகிறது.

தேர்வில் இதே அங்கிள் கீபோர்டுக்குப் பதிலாகத் தன் வீட்டை விற்கிறார் என்று மாற்றிக் கேட்டால், மேலே எழுதியதெல்லாம் இருந்தும் விடை தலைகீழாகும். 1981-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நில விற்பனைச் சட்டப்படி வீடு, நில விற்பனை எழுத்தில் இருந்து இருவரும் கையெழுத்திட்டால்தான் செல்லும். அதற்கான ஆப்ஷனுக்கும் எழுத்து வேண்டும். மின்னணுச் சட்டம் நில விற்பனையைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருப்பதால் வாட்ஸ்அப் செய்தி அந்த இடத்தை நிரப்பாது. அந்த விடையில் முன்மொழிவையும் ஏற்பையும் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு முன், முதல் பத்தியிலேயே எழுத்து வடிவத்தைச் சோதித்துவிடுங்கள்.